4 மடங்கு பெரிதாக்கியதும் அம்மம்மாவின் தோளில் படிக்கட்டு: வெட்டிய படத்தின் ஓரத்தை எப்படிச் சரிசெய்வது?

வெள்ளவத்தைப் பொடியன்

வணக்கம். அம்மம்மாவின் 31ம் நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் மாலை போட்டு வைக்க 3 அடிக்கு 4 அடியில் ஒரு படம் அடிக்க வேண்டும். கையில் இருப்பது ஒரேயொரு PNG. கனடாவில் இருக்கும் மாமா போனில் ஏதோ ஒரு ஆப்பில் பின்னணியை வெட்டிவிட்டு அனுப்பியது. 480க்கு 600 பிக்சல். வெட்டாத படம் அவருடைய பழைய போனோடு போய்விட்டது.

போட்டோஷொப்பில் 4 மடங்கு பெரிதாக்கி, வீட்டில் கேட்டபடி அரக்கு நிறப் பின்னணியில் வைத்தேன். முகம் கொஞ்சம் மங்கல், அது பரவாயில்லை. ஓரம்தான் பார்க்க முடியவில்லை. சேலைத் தோளில் படிக்கட்டுக் கட்டினது போல இருக்கிறது. தலையைச் சுற்றி ஒரு வெளிர் கோடு ஓடுகிறது. மென்மையான Eraser எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், தோள் புகைக்குள் கரைந்த மாதிரி ஆகிவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

சுண்ணாம்பு

Image Size இல் Resolution 72 என்று இருக்கும் தம்பி. அதை 300 ஆக்குங்கள். பிரின்ட் தெளிவாக வரும்.

கொட்டாஞ்சேனை டிசைன்

நான் வாரத்துக்குப் பத்து பனர் செய்கிறேன். ஃப்ளெக்ஸில் இந்தப் படிக்கட்டெல்லாம் யாருக்கும் தெரியாது. திரையில் 100% இல் வைத்துப் பார்த்தால் எந்தப் படமும் அசிங்கமாகத்தான் இருக்கும். அப்படியே கொடுங்கள். மிஞ்சினால் வெள்ளையில் ஒரு Outer Glow போட்டு விடுங்கள், எல்லாம் மறைந்துவிடும்.

கோணல்கோடு

சுண்ணாம்பு அண்ணா, அவர் ஏற்கெனவே பிக்சலைப் பெருக்கிவிட்டார். 72 ஐ 300 ஆக்கினால் ஒன்று படம் தாளில் சுருங்கும், அல்லது போட்டோஷொப் இன்னும் 4 மடங்கு பிக்சலை இட்டுக்கட்டும். படிக்கட்டு அதே படிக்கட்டாகத்தான் இருக்கும்.

டிசைன் தம்பி சொல்வதில் பாதி சரி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2400 பிக்சல் உயரமான உருவம் தாளில் 40 அங்குலம் வந்தால் அங்குலத்துக்கு 60 பிக்சல். பழைய ஒரு பிக்சல் இப்போது 4 பிக்சல், அதாவது ஏறக்குறைய 1.7 மில்லிமீற்றர். 18, 20 அடி தள்ளி நின்றால் அந்தப் படியைக் கண் பிரித்துப் பார்க்காது. தெருவில் கட்டுகிற பனருக்கு அவர் சொல்வது பொருந்தும். இது மாலை போட்டுப் பூ வைக்கிற படம். சனம் 2 அடியில் வந்து கும்பிடும். அங்கே 1.7 மில்லிமீற்றர் படி நன்றாகவே தெரியும். அந்த வெளிர் கோடு இன்னும் தூரத்துக்குத் தெரியும், ஏனென்றால் கடும் நிறத்தின் மேல் ஓடும் தொடர்ச்சியான ஒரு கோட்டைக் கண் சுலபமாகப் பிடித்துவிடும்.

பொடியன் தம்பி, நீங்கள் Eraser இல் தடவியது ஏன் புகையானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓரத்தை மங்கலாக்குவது பாதி வேலை. மங்கலாக்கிய பிறகு திரும்ப இறுக்க வேண்டும்.

செய்முறை இது. Layers பலகையில் வெட்டிய உருவத்தின் சின்னப் படத்தை Ctrl வைத்துச் சொடுக்கி அதைத் தெரிவு செய்து, மாஸ்க்காக மாற்றுங்கள். Alt வைத்து மாஸ்க்கைச் சொடுக்கினால் கறுப்பு வெள்ளையாக அது மட்டும் தெரியும், வெள்ளை காட்டும் பகுதி, கறுப்பு மறைக்கும் பகுதி. அதன் மேல் Gaussian Blur, ஆரம் 4. படி 4 பிக்சல் என்பதால் 4 இல் தொடங்குகிறோம். இப்போது ஓரம் புகை. உடனே Ctrl+L, Levels. இடது முனையை 90க்கும் வலது முனையை 165க்கும் கொண்டு வாருங்கள். புகையின் நடுப்பகுதி மட்டும் மிஞ்சி, ஓரம் 3 பிக்சல் அகலத்தில் திரும்பக் கூடும். படிகள் புகையோடு போயிருக்கும். கோடு மட்டும் நிற்கும்.

100க்கும் 155க்கும் போனால் இன்னும் கூர்மையாகும். ஆனால் உங்கள் படத்துக்கு அது வேண்டாம். அம்மம்மா மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் அதன் சட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்பிலிருந்து தோல் நிறத்துக்கு மாற எத்தனை பிக்சல் எடுக்கிறது என்று. அதே அளவுதான் வெளி ஓரமும் எடுக்க வேண்டும். உள்ளே மங்கலும் வெளியே பிளேட் வெட்டும் இருந்தால், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டின படம் என்று சின்னப்பிள்ளையும் சொல்லும்.

பேட்டைக்காரன்

எனக்கும் இதே பிரச்சினை வந்தது நானாமார். கடை லோகோ ஒன்றை வெட்டி வட்ஸ்அப்பில் பிரின்ட் கடைக்கு அனுப்பினேன். பின்னணி கறுப்பாகப் போய்ச் சேர்ந்தது. திரும்ப GIF ஆக அனுப்பினேன், ஓரம் முழுக்கப் பல்லுப் பல்லாக வந்தது. கடைக்காரர் என்னில் பிழை சொன்னார், நான் அவரில் சொன்னேன். பொடியன், நீங்கள் எதில் அனுப்பினீர்கள்?

கோணல்கோடு

உங்கள் கதை வேறு, ஆனாலும் கேட்டது நல்லது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் JPEG ஆகிவிடும், அதில் ஒளி ஊடுருவும் பகுதி என்று ஒன்றே கிடையாது. கோப்பாக, Document என்று அனுப்ப வேண்டும். GIF இல் ஒரு பிக்சல் ஒன்று இருக்கும், அல்லது இராது. பாதி தெரிகிற பிக்சல் அதில் இல்லை. அதனால்தான் பல். 8 பிட் PNG ஆகச் சேமித்தாலும் பல நேரம் இப்படித்தான் ஆகும். லோகோவை வெக்டராக வரைந்து PDF கொடுங்கள், இந்தச் சண்டையே வராது.

வெள்ளவத்தைப் பொடியன்

மாமா Document ஆகத்தான் அனுப்பினார்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்தேன். கன்னம், கழுத்து, முழங்கைப் பக்கம் அருமையாக வந்துவிட்டது. ஆனால் மூன்று இடத்தில் சிக்கல். தோள் இன்னும் அலை அலையாக இருக்கிறது, படி போய் அலை வந்துவிட்டது. இடது காதில் தோட்டின் முனை காணாமல் போய்விட்டது. தலைமுடி ஹெல்மெட் போட்டது போல வழுக்கென்று இருக்கிறது.

கோணல்கோடு

தோளை முதலில் பார்ப்போம். தோள் சரிவு குறைவான கோடு. பழைய படத்தில் 6 பிக்சல் பக்கவாட்டில் போனால் 1 பிக்சல் கீழே இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மடங்கில் அது 24 பிக்சல் நீளமும் 4 பிக்சல் உயரமும் உள்ள படி. ஆரம் 4 அந்த 24 ஐத் தாண்டாது. கன்னம் போல 45 பாகையில் போகும் ஓரத்தில் படி குட்டி, அதனால் அங்கே சரியாயிற்று. தோளை மட்டும் லாஸோவில் வளைத்து, 10 பிக்சல் Feather கொடுத்து, ஆரம் 8 இல் பழைய மாஸ்க்கிலிருந்து திரும்பச் செய்யுங்கள். ஆரம் இரட்டித்தால் Levels இடைவெளி பாதியாக வேண்டும், 108க்கும் 147க்கும் கிட்ட. இல்லாவிட்டால் தோள் ஓரம் மட்டும் மற்ற இடத்தை விட இரண்டு மடங்கு மெத்தென்று இருக்கும்.

உண்மையைச் சொன்னால் நான் தோளுக்கு Blur பண்ணுவதே இல்லை. பென் டூல் எடுத்து ஒரு தோளுக்கு மூன்று புள்ளி வைத்தால் முடிந்தது. சேலைத் தோள் ஒரு நல்ல வளைவு, அதைக் கையால் இழுப்பது இரண்டு நிமிஷம். பாதையைத் தெரிவாக்கி மாஸ்க்கில் நிரப்பி, ஆரம் 1 இல் ஒரு சின்ன Blur. அவ்வளவுதான்.

தோடு போனது இந்த முறையின் குணம். கூரான எதையும் அது மொழுக்கென்று ஆக்கும். ஆரத்தை விடச் சின்னதை விழுங்கிவிடும். அதைத் தடுக்க முடியாது. மாஸ்க்கில் வெள்ளைத் தூரிகையால் தோட்டைத் திரும்ப வரைய வேண்டியதுதான்.

முடிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மாஸ்க்கில் முடி இழை இருந்திருந்தால்தானே அதைக் காப்பாற்றலாம்? 480 பிக்சல் அகல மாஸ்க்கில் இழையே இல்லை.

தர்ஷி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். Select and Mask இல் Smooth, Contrast என்று இரண்டு ஸ்லைடர் இருக்கிறதே? நீங்கள் கையால் செய்வதை அதுவே செய்யாதா? நான் எப்போதும் அதைத்தான் இழுப்பேன்.

கோணல்கோடு

செய்யும். Smooth, பிறகு Contrast, ஓரத்தை உள்ளே இழுக்க Shift Edge. கிட்டத்தட்ட அதே சங்கதிதான். ஆனால் அது படம் முழுவதற்கும் ஒரே அளவைப் போடும். தோளுக்கு 8, கன்னத்துக்கு 4, காதுக்கு ஒன்றுமே வேண்டாம் என்கிற இடத்தில் எனக்கு மாஸ்க்கிலேயே கை வைப்பதுதான் வசதி. பழக்கம்தான்.

கொட்டாஞ்சேனை டிசைன்

அண்ணா, இவ்வளவு வேலைக்கு வாடிக்கையாளர் காசு தருவாரா? Outer Glow 10 பிக்சல். இருபது விநாடி.

தர்ஷி

அந்த வெள்ளை ஒளிவட்டம் போட்டால் எல்லா அஞ்சலிப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது டிசைன். அம்மம்மாவின் நரை முடிக்குப் பின்னால் வெள்ளை ஒளி வைத்தால் முடி எங்கே முடிகிறது என்றே தெரியாது.

கொட்டாஞ்சேனை டிசைன்

அதுதானே நமக்கு வேண்டும், முடி எங்கே முடிகிறது என்று தெரியக் கூடாது 😄

கோணல்கோடு

சிரிக்கிறார், ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெட்டின ஓரம் தெரிவது புதுப் பின்னணி பழையதை விட ரொம்ப மாறுபடும்போதுதான். வெளிர் சுவருக்கு முன்னால் எடுத்த படத்தை வெளிர் பின்னணியில் வைத்தால் பாதிப் பிழை கண்ணில் படாது. வீட்டில் பேசிப் பாருங்கள் தம்பி, அரக்கு கட்டாயமா என்று.

அது முடியாவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். சில ஆப்புகள் பின்னணியை அழிப்பதில்லை, மறைக்க மட்டும் செய்யும். PNG இல் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறமும் தனி, எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவும் தனி. அளவைப் பூச்சியமாக்கிவிட்டு நிறத்தை அப்படியே விட்டிருந்தால், சுவர் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கும். போட்டோஷொப்பில் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கிடைக்காது. ஜிம்ப்பில் திறந்து, லேயரில் வலது சொடுக்கு, Add Layer Mask, அதில் Transfer layer's alpha channel. பிறகு Disable Layer Mask. பெரிதாக்கினதில் வேண்டாம், மாமா அனுப்பின அதே கோப்பில் செய்யுங்கள். ImageMagick இருந்தால் ஒரு வரி போதும்:

```
magick ammamma.png -alpha off suvar.png
```

பேட்டைக்காரன்

நானும் என்னுடைய இன்னொரு படத்தில் செய்து பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. ஒன்றும் இல்லை.

கோணல்கோடு

அப்படியும் வரும். அந்த ஆப் துப்புரவாகக் கழுவிவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளவத்தைப் பொடியன்

அண்ணா!!! சுவர் வந்துவிட்டது. வெளிர் பச்சைச் சுவர், பக்கத்தில் கலண்டர், மேலே மின்விசிறியின் நிழல். அம்மம்மாவின் கொண்டையில் இருந்து பிரிந்த நரை முடி எல்லாம் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு அழுதுவிட்டார், அது யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவராம்.

தர்ஷி

அப்படியென்றால் ஏன் வெட்ட வேண்டும்? சுவரோடேயே அடியுங்களேன்.

வெள்ளவத்தைப் பொடியன்

நானும் அதைத்தான் சொன்னேன் அக்கா. மாமி கலண்டர் கூடாது என்கிறார். கலண்டரை அழித்துத் தருகிறேன் என்றேன், அரக்கு என்றால் அரக்குத்தான் என்றார். மாமியோடு வாதாட முடியாது.

கோணல்கோடு

சரி, மாமி வென்றார். இப்போது வேலை சுலபம். சுவரோடு இருக்கிற படத்தை 4 மடங்கு பெரிதாக்குங்கள், Bicubic Smoother போதும். ஏற்கெனவே சரி செய்த மாஸ்க்கை, தோளும் கன்னமும் நன்றாக வந்ததை, அதன் மேல் போடுங்கள். மாற்ற வேண்டியது முடிப் பகுதி மட்டும்.

முடிக்கு மாஸ்க்கைப் படத்திலிருந்தே எடுக்கலாம். சுவர் பச்சை, முடி வெள்ளை. Channels இல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பச்சை சானலில் இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். சிவப்பு சானலில் சுவர் இருண்டிருக்கும். அதைப் பிரதி எடுத்து, Levels இல் சுவரின் அளவுக்குச் சற்று மேலே இடது முனையையும், முடியின் அளவுக்குச் சற்றுக் கீழே வலது முனையையும் வையுங்கள். Info பலகையில் சுட்டியை வைத்தால் அளவு தெரியும். வருகிற கறுப்பு வெள்ளையில் இருந்து தலைக்கு மேல் 50, 60 பிக்சல் வளையத்தை மட்டும் எடுத்து மாஸ்க்கில் ஒட்டுங்கள். முகம் பக்கம் போக வேண்டாம்.

வெள்ளவத்தைப் பொடியன்

சுவர் சிவப்பில் 150 அளவு, முடி 195க்கு மேல். 158, 190 என்று வைத்தேன். உச்சந்தலைப் பக்கம் இழை இழையாக வந்தது, நம்பவே முடியவில்லை. ஆனால் இடது காதுக்குப் பின்னால் கட்டம் கட்டமாக அழுக்குத் தெரிகிறது. அங்கே சுவரில் அவருடைய நிழல் விழுந்திருக்கிறது. அப்புறம், அரக்கின் மேல் வைத்தால் முடி ஓரம் லேசான பச்சை.

கோணல்கோடு

கட்டம் JPEG இன் வேலை. மாமாவின் போன் முதலில் JPEG ஆகத்தான் எடுத்திருக்கும். அது வெளிச்சத்தை ஓரளவு நுணுக்கமாக வைக்கும், நிறத்தை அதைவிடப் பருக்கனாக வைக்கும். தனி ஒரு சானலை இழுத்துப் பிரிக்கும்போது அந்தப் பருக்கன் வெளியே வரும், 4 மடங்கில் இன்னும் மோசம். சானலைப் பிரதி எடுத்ததும், Levels போடுவதற்கு முன், ஆரம் 2 இல் ஒரு Blur கொடுத்துப் பாருங்கள். ஓரளவு அடங்கும், ஆனால் மெல்லிய இழைகளும் கொஞ்சம் போகும். நிழல் விழுந்த இடத்தை அதனிடம் கேட்காதீர்கள். அங்கே 2, 3 பிக்சல் தூரிகையால் பத்து முடியைக் கையால் இழுத்துவிடுங்கள். வேரிலிருந்து வெளியே ஒரே இழுவையாக, நுனி மெலிய.

பச்சைக்கு: படத்துக்கு மேல் ஒரு புது லேயர், Clipping Mask, கலப்பு முறை Color. முடியின் உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிறத்தை எடுத்து ஓரத்தில் பூசுங்கள். வெளிச்சம் மாறாது, பச்சை போய்விடும். Defringe போடலாம்தான், ஆனால் அது ஓரத்துப் பிக்சலுக்கு உள்ளே இருக்கும் நிறத்தைக் கொண்டுவந்து நிரப்பும். மெல்லிய முடிக்கு உள்ளே என்று ஒன்று இல்லையே.

கொட்டாஞ்சேனை டிசைன்

இந்த மறைந்த சுவர் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணா. என்னிடம் இருந்த மூன்று பழைய கோப்பில் பார்த்தேன், ஒன்றில் வந்தது. வாடிக்கையாளர் வெட்டிப் போட்ட ஆள் ஒருவர் ஓரத்தில் நிற்கிறார் 😅 இதை யாருக்கும் அனுப்ப முதல் யோசிக்க வேண்டும்.

தர்ஷி

ஐயோ. பழைய படங்களை வெட்டிவிட்டு எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

கோணல்கோடு

கடைக்கு அனுப்பும்போது பின்னணியோடு தட்டையாக்கி அனுப்பினால் அந்தக் கவலை இல்லை. பொடியன் தம்பியும் அப்படியே செய்யுங்கள். கடைக்காரர் கையில் லேயர் போனால் இன்னொரு Outer Glow வந்துவிடும்.

கொட்டாஞ்சேனை டிசைன்

பார்த்தீர்களா 🙏

சுண்ணாம்பு

அப்போ 300 தேவையே இல்லையா?

வெள்ளவத்தைப் பொடியன்

நேற்று முழுப் படம் அடிக்கும் முன் மருதானைப் பக்கம் ஒரு கடையில் தலையும் ஒரு தோளும் மட்டும் A3 அளவில், உண்மை அளவிலேயே அடித்துப் பார்த்தேன். தோள் சுத்தம். முடி 2 அடியில் இருந்து பார்த்தாலும் இயல்பாக இருக்கிறது. பச்சை திரையில் போய்விட்டது, தாளில் வலது காதுப் பக்கம் இன்னும் துளி இருக்கிறது. அது படத்திலா, கடையின் மெஷினிலா என்று தெரியவில்லை. சாம்பல் துண்டு ஒன்றையும் பக்கத்தில் அடித்துப் பார்க்கட்டுமா அண்ணா? அதுவும் பச்சையாக வந்தால் மெஷின்தானே?

தோட்டை வரைந்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, கல் இந்தப் பக்கம் இல்லை, கீழே தொங்கும் என்றார். அதையும் மாற்றிவிட்டேன்.

கோணல்கோடு

ஓம், சாம்பல் துண்டு அடியுங்கள். மூன்று அடர்த்தியில் அடியுங்கள். கடை திறக்க முதல் எனக்கு அந்தக் காதுப் பக்கத்தின் படத்தையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.